பாக்கியாதிபதி ஆறில் மறைந்தால் அப்பாவுக்கு ஆகாதா?

தில்லி கரோல்பாக்கில் நெடுநாளாகக் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம். அந்த வீட்டின் ஒரே பேத்தி பிறந்தது 2020 ஆகஸ்ட் முதல் வாரத்தில், விடியற்காலை ஐந்தரை மணிக்கு. கொரோனா ஊரடங்குக் காலம் என்பதால் ஜாதகம் எழுதுவது தள்ளிப்போயிற்று. மூன்று ஆண்டுகள் கழித்துக் குழந்தையின் தகப்பனுக்கு நெஞ்சுவலி வந்தது. இரண்டு ரத்தக் குழாய்களில் ஸ்டென்ட் வைத்து ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். அவர் வீடு திரும்பிய மறுவாரமே பாட்டி ஊருக்குப் போய்க் குடும்ப ஜோதிடரிடம் பேத்தியின் பிறந்த நேரத்தைக் கொடுத்தார்.

கட்டத்தைப் பார்த்த ஜோதிடர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. கடக லக்னம். ஒன்பதாம் வீடு மீனம். அதற்குடைய குரு ஆறாம் வீடான தனுசில், கேதுவோடு. "பாக்கியாதிபதி மறைஞ்சுட்டார், கூட கேது வேற. பிதுர் தோஷம்மா. குழந்தை பிறந்த வேளை அப்பனுக்கு ஆகலை. ஏழு வயசு வரைக்கும் அம்மா வழித் தாத்தா வீட்ல வளரட்டும்" என்றார். கூடவே செலவு பிடிக்கும் பரிகாரம் ஒன்றும் சொன்னார்.

பாட்டி தில்லி திரும்பி இதைச் சொன்னதும் மருமகள் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டாள். பக்கத்துக் கோயில் பண்டிட்ஜியிடம் அதே ஜாதகத்தைக் காட்டினார் தகப்பன். அவரோ ஒன்பதாம் வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பிதாஜியை தசம பாவத்தில் அல்லவா பார்க்க வேண்டும்? இதில் பயப்பட ஒன்றுமில்லையே" என்று சொல்லிவிட்டார்.

ஒரே குழந்தை, ஒரே கட்டம், இரண்டு தீர்ப்பு. ஒரு மூன்று வயதுச் சிறுமி பெற்றோரைப் பிரிந்து வளர வேண்டுமா என்பது இந்தத் தீர்ப்பில் தொங்குகிறது. ஜோதிடத்தில் நம்பிக்கை உள்ள வீடாக இருந்தாலும், அந்த சாஸ்திரத்தின் விதிகளுக்கே இந்தத் தீர்ப்பு நிற்குமா என்று கேட்டுப் பார்ப்பது அவசியம்.

ஒன்பதுக்குள் நாலு விஷயம்

ஒன்பதாம் வீட்டுக்குப் பாக்கிய ஸ்தானம் என்று பெயர். முன்வினைப் பயனாகத் தானே வந்து சேரும் நன்மையை அது காட்டும் என்பது நூல்களின் கருத்து. ஆனால் அந்த வீட்டில் அதிர்ஷ்டம் மட்டும் குடியிருக்கவில்லை. மந்திரேஸ்வரரின் பலதீபிகை ஆசாரியர், தெய்வம், தகப்பன் ஆகிய மூவரையும் இந்த ஒரே வீட்டில் வைக்கிறது. தீர்த்த யாத்திரையும் தூர தேசப் பிரயாணமும் இங்கேதான் பார்க்கப்படுகின்றன.

முதல் பார்வையில் சம்பந்தமில்லாத சரக்குகளை ஒரே மூட்டையில் கட்டியது போலத் தோன்றும். யோசித்தால் ஒரு நூல் ஓடுவது தெரியும். ஒருவன் சம்பாதிக்காமலே அவனுக்குக் கிடைப்பவை இவை. தகப்பன் தருவது குலமும் முதலும். குரு தருவது வித்தை. பழைய காலத்தில் தூரப் பிரயாணம் என்றால் பெரும்பாலும் குருவைத் தேடியோ தெய்வத்தைத் தேடியோ போவதுதான். இவற்றின் கூட்டுத்தொகைக்குத்தான் பாக்கியம் என்று பேர்.

தகப்பன் ஏன் ஒன்பதில் என்பதற்குக் கணக்கும் உண்டு. ஐந்தாம் வீடு பிள்ளையைக் குறிக்கும். ஒன்பதாம் வீட்டிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு வந்தால் ஐந்தாவதாக வருவது லக்னம், அதாவது ஜாதகர். தகப்பனுக்குப் பிள்ளை ஜாதகர் என்பதால் ஒன்பது தகப்பன் வீடாகிறது. வடக்கே பலர் வேறு கணக்குச் சொல்வார்கள். நாலாம் வீடு தாய். அதற்கு ஏழாவது, தாயின் கணவன். நாலுக்கு ஏழு என்றால் பத்து. ஆகவே தகப்பன் பத்தில். பராசரர் பெயரால் வழங்கும் ஹோரை நூலிலேயே இரண்டுக்கும் இடம் இருக்கிறது. வீடுகளின் காரகத்துவத்தைப் பட்டியலிடும் இடத்தில் தகப்பன் பத்தாம் வீட்டோடு வருகிறான். ஒன்பதாம் வீட்டின் பலன்களைச் சொல்லும் அத்தியாயத்திலும் தகப்பனைப் பற்றிய பலன்கள் வருகின்றன. தென்னாட்டு வழக்கு ஒன்பதைப் பிடித்துக்கொண்டது. வடநாட்டில் பத்து பரவலாயிற்று. கரோல்பாக் பண்டிட்ஜி தவறு செய்யவில்லை. அவர் வேறு பள்ளிக்கூடம், அவ்வளவுதான்.

ஊர் ஜோதிடரின் தீர்ப்புக்கு வருவோம். ஒன்பதுக்குடையவன் ஆறில், கேதுவோடு. இதே அமைப்பு, இதே கடக லக்னத்தில், நாடறிந்த ஒருவரின் ஜாதகத்திலும் இருக்கிறது. அது ஜவாஹர்லால் நேருவின் ஜாதகம்.

ஆனந்த பவனத்து ஜாதகம்

நேரு பிறந்தது 1889 நவம்பர் 14, இரவு பதினோரு மணிக்கு மேல், அன்றைய அலகாபாத்தில். பிறந்த நேரம் பற்றி நூலுக்கு நூல் சில நிமிடங்கள் வித்தியாசம் உண்டு. எப்படிப் பார்த்தாலும் லக்னம் கடகம்தான். லக்னத்தில் ஆட்சியாகச் சந்திரன். இரண்டாம் வீடான சிம்மத்தில் சனி. மூன்றாம் வீடான கன்னியில் செவ்வாய். நாலாம் வீடான துலாத்தில் புதனும் சுக்கிரனும். ஐந்தாம் வீடான விருச்சிகத்தில் சூரியன். ஆறாம் வீடான தனுசில் குருவும் கேதுவும். பன்னிரண்டாம் வீடான மிதுனத்தில் ராகு. ஒன்பதாம் வீடான மீனம் காலி.

வேகமாகக் கட்டம் பார்ப்பவர் இங்கேயும் அதே வாக்கியத்தைத்தான் சொல்லியிருப்பார்: பாக்கியாதிபதி ஆறில் மறைந்தான், கேது சேர்ந்தான், தகப்பனுக்கு ஆகாது, அதிர்ஷ்டமில்லை. ஆனால் தகப்பன் மோதிலால் நேரு அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் முன்னணி வக்கீல். ஆனந்த பவனத்தைக் கட்டி ஆண்டவர். மகன் பிறந்த பிறகுதான் அவர் தொழில் உச்சத்துக்குப் போயிற்று. மகனுக்கு 41 வயது நடக்கும்போதுதான், 1931 பிப்ரவரி 6 அன்று, அவர் காலமானார்.

அப்படியென்றால் விதி பொய்யா? விதி பாதிதான் சொல்லப்பட்டது என்பதே சரி. கடக லக்னக்காரர்களுக்குக் குரு ஒரே நேரத்தில் ஆறாம் வீட்டுக்கும் ஒன்பதாம் வீட்டுக்கும் சொந்தக்காரர். தனுசும் மீனமும் அவருடைய இரண்டு வீடுகள். ஆகவே குரு தனுசில் இருக்கும்போது அவர் ஆட்சி. அந்நியன் வீட்டில் ஒளிந்திருப்பவன் வேறு, தன்னுடைய இன்னொரு வீட்டில் உட்கார்ந்திருப்பவன் வேறு. மறைவு ஸ்தானம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆட்சி என்ற சொல்லை விட்டுவிட்டால் தீர்ப்பு தலைகீழாகப் போய்விடும். உதாரணத்துக்கு, அதே கடக லக்னத்தில் குரு பன்னிரண்டாம் வீடான மிதுனத்தில், பகை கிரகமான புதன் வீட்டில் இருந்தால், அதுவும் மறைவுதான். ஆனால் அந்தக் குருவையும் தனுசில் உள்ள குருவையும் எந்த ஜோதிடரும் ஒரே தராசில் வைக்க மாட்டார்.

இரண்டாவதாக, தகப்பனைப் பற்றிக் கேட்கும்போது லக்னத்திலிருந்து எண்ணினால் மட்டும் போதாது. ஒன்பதாம் வீட்டையே லக்னமாக வைத்து மறுபடி எண்ண வேண்டும். மீனத்திலிருந்து எண்ணினால் தனுசு பத்தாவது வீடு, அதாவது தகப்பனின் தொழில் ஸ்தானம். மகனுக்கு மறைவான ஆறாம் வீடு, தகப்பனுக்குத் தொழில் வீடு. தகப்பனைக் குறிக்கும் குரு தன் தொழில் வீட்டில் ஆட்சியாக இருக்கிறார். ஆறாம் வீட்டுக்கு வழக்கு, வியாஜ்யம் என்ற பொருளும் உண்டு. வழக்காடித் தொழிலில் உச்சம் தொட்ட தகப்பனுக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தைத் தேட வேண்டியதில்லை என்பார்கள் ஜாதகம் படிப்பவர்கள். கூட இருக்கும் கேது எதையும் துறக்க வைக்கும் கிரகம். ஒத்துழையாமை இயக்கத்தின்போது மோதிலால் அந்தத் தொழிலையே விட்டதற்கு அந்தக் கேதுவைக் காட்டுவார்கள்.

மூன்றாவது, காரகன். எந்த வீட்டைப் பார்த்தாலும் அந்த விஷயத்துக்குரிய இயற்கைக் காரகனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தகப்பனுக்குச் சூரியன், ஆசாரியனுக்குக் குரு. நேருவின் ஜாதகத்தில் சூரியன் விருச்சிகத்தில், நட்பு வீட்டில், லக்னத்துக்கு ஐந்தாம் இடமான திரிகோணத்தில் இருக்கிறார். மீனத்திலிருந்து எண்ணினால் அது ஒன்பதாம் வீடு. அங்கேயும் திரிகோணம்.

நாலாவதாக, ஒன்பதாம் வீட்டை யார் பார்க்கிறார்கள் என்பது. கன்னியில் உள்ள செவ்வாய் தன் ஏழாம் பார்வையால் மீனத்தை நேராகப் பார்க்கிறார். கடக லக்னத்துக்கு ஐந்துக்கும் பத்துக்கும் உடைய யோக காரகன் என்பதால் அந்தப் பார்வை தகப்பனுக்குக் கெடுதி செய்யாது. ஆனால் செவ்வாய் செவ்வாய்தான், சூடு இருக்கும். ஐந்தாறு வயதில் தகப்பனின் மேஜையிலிருந்து ஒரு பவுண்டன் பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு, அகப்பட்டு, பலமாக அடி வாங்கியதை நேருவே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மோதிலாலின் கோபம் வீட்டில் எல்லோரும் அறிந்தது. தகப்பனிடம் மகனுக்குப் பயமும் பாசமும் ஒரே அளவில் இருந்தன.

இந்த நாலையும் அடுக்கிப் பார்த்த பிறகு "மறைந்தான்" என்ற ஒற்றைச் சொல் எவ்வளவு மெலிந்து போகிறது என்பதைக் கவனிக்கலாம்.

தசையில் தெரிவது

வீடும் அதிபதியும் என்ன தருவார்கள் என்பதைக் கட்டம் காட்டும். எப்போது தருவார்கள் என்பதைத் தசா புக்திதான் காட்டும். நேரு பிறந்தது ஆயில்ய நட்சத்திரத்தில். ஆகவே பிறப்பில் புதன் தசை. லாகிரி அயனாம்சப்படி கணக்கிட்டால் சந்திரன் கடகத்தில் ஏறக்குறைய 18 பாகையில் நிற்கிறது. புதன் தசையின் 17 ஆண்டுகளில் சுமார் பதினைந்தரை ஆண்டு பாக்கி வருகிறது. அது 1905 நடுவில் முடிந்து கேது தசை 7 ஆண்டுகள், 1912 நடுவரை. பிறகு 20 ஆண்டு சுக்கிர தசை.

கேதுவுக்கு வீடு கிடையாது. யாரோடு சேர்கிறாரோ அவர் வேலையைத்தான் செய்வார் என்பது விதி. இங்கே அவர் சேர்ந்திருப்பது ஒன்பதாம் அதிபதியோடு. அந்தத் தசையில் என்ன நடந்தது? 1905-ல் பதினைந்து வயதுப் பையனாக நேரு இங்கிலாந்து போய் ஹாரோ பள்ளியில் சேர்ந்தார். 1907-ல் கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரி. பிறகு லண்டனில் சட்டப் படிப்பு. 1912-ல் பாரிஸ்டராகத் திரும்பினார். கடல் கடந்த பிரயாணம், தகப்பன் செலவில், வித்தைக்காக. ஒன்பதாம் வீட்டின் சரக்கில் மூன்று ஒரே தசையில் வந்து சேர்ந்தன.

அடுத்தது குரு. காந்தியை நேரு முதலில் சந்தித்தது 1916 லக்னோ காங்கிரஸில். அப்போது சுக்கிர தசையில் சந்திர புக்தி. சந்திரன் லக்னாதிபதி, ஒன்பதோடு நேர்ச் சம்பந்தம் இல்லை. குரு புக்தி வந்தது சுமார் 1922 நடுவிலிருந்து 1925 தொடக்கம் வரை. அந்தக் காலத்தில்தான் ஒன்பதாம் வீட்டுக்குள்ளேயே ஒரு பிளவு ஏற்பட்டது. 1923 ஜனவரியில் மோதிலாலும் சி. ஆர். தாஸும் சுயராஜ்யக் கட்சியைத் தொடங்கிச் சட்டசபைகளுக்குள் போகத் தீர்மானித்தார்கள். காந்தியின் வழி சட்டசபைப் பகிஷ்காரம். ஜவாஹர்லால் தகப்பனின் கட்சியில் சேரவில்லை. தகப்பன் ஒரு பக்கம், ஆசாரியன் ஒரு பக்கம். இருவருக்கும் ஒரே அதிபதி, அவர் இருப்பதோ எதிர்ப்பைக் குறிக்கும் ஆறாம் வீட்டில். ஆறாம் வீட்டு விஷம் இல்லாமல் போய்விடவில்லை. தகப்பனின் ஆயுளைக் குறைக்காமல், தகப்பனோடு கருத்து வேறுபாடாக அது இறங்கியது என்று படிக்க வேண்டும்.

மோதிலாலின் மரணம் நிகழ்ந்த 1931 தொடக்கத்தில் சுக்கிர தசை, புதன் புக்தியின் கடைசிக் கட்டம். மீனத்துக்கு எட்டாம் வீட்டுக்கு உடையவர் சுக்கிரன். மீனத்துக்கு ஏழாம் வீடு, அதாவது தகப்பனுக்கு மாரக ஸ்தானம், புதனுடையது. விதிக்குப் பொருந்தித்தான் வருகிறது. ஆனால் அந்த புதன் புக்தி இரண்டே முக்கால் ஆண்டுக்கும் மேல் நீண்டது. முன்கூட்டி நாள் குறித்திருக்க யாராலும் முடியாது. அதனால்தான் பொறுப்புள்ள ஜோதிடர்கள் தகப்பனின் ஆயுளைப் பிள்ளையின் கட்டத்திலிருந்து வாய்விட்டுச் சொல்வதில்லை.

பொருந்தாத இடங்கள்

பொருந்துவதை மட்டும் எடுத்து அடுக்கிவிட்டு நிறுத்துவது நேர்மையல்ல. நேருவின் வாழ்க்கையில் இன்னொரு நீண்ட வெளிநாட்டுப் பயணம் உண்டு. மனைவி கமலாவின் சிகிச்சைக்காக 1926 மார்ச் மாதம் ஐரோப்பா சென்று, 1927 டிசம்பரில்தான் திரும்பினார். பிரஸ்ஸல்ஸ் மாநாடும் மாஸ்கோ பயணமும் அப்போதுதான். அரசியல் சிந்தனையை மாற்றிய பயணம் அது. அந்தக் காலத்தில் நடந்ததோ சுக்கிர தசையில் சனி புக்தி. சனி இங்கே ஏழுக்கும் எட்டுக்கும் உடையவர். மனைவி, வியாதி என்ற காரணம் பொருந்துகிறது, ஆனால் தூரப் பயணத்துக்கு ஒன்பதாம் அதிபதி எங்கும் வரவில்லை. தூரப் பயணம் என்றாலே ஒன்பது என்று சூத்திரம் போட்டவர் இந்தப் பயணத்தைத் தவற விட்டிருப்பார்.

அயனாம்சம் இன்னொரு தடை. மேலே சொன்ன 1905, 1912 என்ற அழகான பொருத்தம் லாகிரி கணக்கில்தான் வருகிறது. மேகநாத் சாஹா தலைமையில் அமைந்த பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழுவின் பரிந்துரையை ஒட்டி அரசாங்கப் பஞ்சாங்கம் பின்பற்றும் அயனாம்சத்தையே ஜோதிட உலகில் லாகிரி என்கிறார்கள். பி. வி. ராமன் பயன்படுத்திய அயனாம்சம் அதிலிருந்து ஒன்றரைப் பாகைக்குச் சற்றுக் குறைவாக மாறுபடும். அந்த வித்தியாசத்தால் நேருவின் தசைகள் எல்லாம் ஒன்றே முக்கால் ஆண்டுக்கும் மேல் முன்னால் நகர்ந்துவிடும். கேது தசை 1903-லேயே தொடங்கி 1910-லேயே முடிந்துவிடும். பிறந்த நேரத்தில் அரை மணி பிசகினாலும், புதன் தசையில் பிறந்தவருக்குத் தசை நாலு மாதம் நகரும். வீட்டில் உள்ள ஜாதகம் வாக்கியமா, திருக்கணிதமா என்று தெரியாமல் புக்தி முடியும் தேதியை நாள் கணக்கில் சொல்பவரை நம்ப வேண்டியதில்லை.

மூன்றாவது சங்கடம் எல்லாவற்றையும்விடப் பெரியது. நேருவின் வாழ்க்கை எல்லோருக்கும் தெரிந்த கதை. முடிந்த கதைக்குக் கட்டத்தில் காரணம் தேடினால் கிடைக்கத்தான் செய்யும். வடநாட்டு முறைப்படி பத்தாம் வீட்டைத் தகப்பனாக வைத்துப் பார்த்தாலும், மேஷத்துக்குடைய செவ்வாய் மேஷத்திலிருந்து ஆறாம் வீட்டில் நிற்கிறார். அங்கேயும் வழக்கு என்று சொல்லி வக்கீல் தகப்பனை வரவழைத்துவிடலாம். இரண்டு வெவ்வேறு கதவுகள் வழியாகவும் ஒரே அறைக்குள் போக முடிகிறது என்றால், அறையில் யார் இருக்கிறார் என்று முன்பே தெரிந்திருப்பதும் ஒரு காரணம். பிறந்த குழந்தையின் கட்டத்தில் அந்த வசதி கிடையாது. அங்கே சொல்லும் ஒவ்வொரு சொல்லும் ஊகம்தான்.

மகளின் கட்டமும் கடகமே

அதே ஆனந்த பவனத்தில் 1917 நவம்பர் 19 இரவு பிறந்த இந்திராவுக்கும் கடக லக்னம். ஆகவே தகப்பன் வீடு மறுபடியும் மீனம், அதிபதி மறுபடியும் குரு. ஆனால் இங்கே குரு பதினொன்றாம் வீடான ரிஷபத்தில், சுக்கிரன் வீட்டில். சுக்கிரன் ஆறாம் வீடான தனுசில், குருவின் வீட்டில். இருவரும் வீடு மாற்றிக்கொண்ட பரிவர்த்தனை. இந்த ஜாதகத்தில் லக்னத்திலுள்ள சனியும் மகரத்திலுள்ள சந்திரனும் ஒரு பரிவர்த்தனை, விருச்சிகத்துச் சூரியனும் சிம்மத்துச் செவ்வாயும் இன்னொன்று என்று மொத்தம் மூன்று உண்டு. ஜோதிட வகுப்புகளில் இதை அடிக்கடி எடுத்துக்காட்டுவதற்கு அதுவே காரணம்.

தகப்பனுக்குரிய குரு ஆறாம் வீட்டோடு பரிவர்த்தனை பெற்றதால் தகப்பன் அருகில் இல்லாத பிள்ளைப் பருவம் என்பார்கள். நேரு ஒன்பது முறை சிறை சென்றவர். மொத்தம் ஒன்பது ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக உள்ளே இருந்தவர். ஆனால் குரு நிற்கும் ரிஷபம், மீனத்திலிருந்து எண்ணினால் மூன்றாம் வீடு. எழுத்து, கடிதம், சேதி எல்லாம் மூன்றாம் வீட்டுக் காரியங்கள். 1928 கோடையில் மசூரியில் இருந்த பத்து வயது மகளுக்கு அலகாபாத்திலிருந்து நேரு எழுதிய கடிதங்கள் மறு ஆண்டே புத்தகமாயின. 1930 முதல் 1933 வரை சிறையிலிருந்து எழுதியவை உலக சரித்திரமாகவே விரிந்தன. மடியில் வைத்து வளர்க்க முடியாத தகப்பன், தபாலில் வளர்த்தார். மகளுக்கு முதல் ஆசாரியனும் அவரே. ஒன்பதாம் வீட்டில் தகப்பனையும் குருவையும் ஏன் ஒன்றாக வைத்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் அரிது.

கரோல்பாக் குழந்தை

இப்போது 2020 ஆகஸ்ட் கட்டத்துக்குத் திரும்பலாம். அந்த ஆண்டு ஜூலையிலும் ஆகஸ்டிலும் குரு வக்கிர கதியில் தனுசில்தான் இருந்தார், கேதுவும் அங்கேயே. கடக லக்னம் நாளொன்றுக்குச் சுமார் இரண்டு மணி நேரம் உதிக்கும். அப்படியானால் இரண்டு மாதங்கள், தினமும் அந்த இரண்டு மணி நேரத்துக்குள் இந்தியா முழுவதும் பிறந்த அத்தனை குழந்தைகளுக்கும் பாக்கியாதிபதி ஆறில், கேதுவோடு. அத்தனை தகப்பன்மாரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழவில்லை. இந்த ஒரு கணக்கே முதல் தீர்ப்பைக் கவிழ்க்கப் போதும்.

நேருவின் கட்டத்தில் பார்த்த அதே வரிசையில் இந்தக் கட்டத்தையும் பார்த்தால் என்ன தெரிகிறது? குரு ஆட்சி. மீனத்துக்குப் பத்தில். தகப்பன் காரகனான சூரியன் லக்னத்திலேயே, நட்பு வீட்டில், மீனத்துக்கு ஐந்தாம் இடத்தில். ஒன்பதாம் வீட்டில் யோக காரகனான செவ்வாயே அமர்ந்திருக்கிறார். ஊர் ஜோதிடர் இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. குறை சொல்லியே ஆக வேண்டும் என்றாலும் அவர் கை வைத்த இடம் தவறு. ஏழாம் வீடான மகரத்தில் ஆட்சியாக இருக்கும் சனி தன் மூன்றாம் பார்வையால் மீனத்தையும் ஏழாம் பார்வையால் லக்னத்துச் சூரியனையும் பார்க்கிறார். தகப்பனுக்கு உழைப்பும் பாரமும் அதிகம், உடம்பைக் கவனிக்க வேண்டும் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல அந்தக் கட்டத்தில் இடமில்லை.

தவிர, தகப்பனின் ஆயுளை முதலில் பார்க்க வேண்டியது தகப்பனின் ஜாதகத்தில். பிள்ளையின் கட்டம் தகப்பனைப் பற்றிச் சாட்சி சொல்லலாம். அவருக்கு நடப்பதற்குக் காரணமாக முடியாது. இந்த இரண்டையும் குழப்பியதில்தான் "பிறந்த வேளை" என்ற பழி பல வீடுகளில் பல பெண் குழந்தைகளின் தலையில் விழுந்திருக்கிறது. அந்த வீட்டில் தகப்பனின் ஜாதகத்தை யாரும் கேட்கவே இல்லை. இருபது ஆண்டுப் புகைப் பழக்கத்தைப் பற்றியும், கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தத்தைப் பற்றியும் கேட்டது ஆஸ்பத்திரி டாக்டர் மட்டும்தான்.

பிதுர் தோஷம் என்று யாராவது சொன்னால் நாலு கேள்விகள் கேட்கலாம். ஒன்பதாம் அதிபதி ஆட்சியா, உச்சமா, பகையா, நீசமா? சூரியன் எப்படி இருக்கிறார்? ஒன்பதை லக்னமாக வைத்து எண்ணினால் அதிபதி எத்தனையாவது வீட்டில்? இப்போது நடக்கும் தசை யாருடையது, எந்தப் பஞ்சாங்கப்படி? பதில் சொல்லாமல் நேரே பரிகாரத்தின் விலைக்கு வருபவரிடம் ஜாதகத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதுதான் நல்லது.

கரோல்பாக் வீட்டில் குழந்தை எங்கும் போகவில்லை. மருமகள் விடவில்லை, தகப்பனும் விடவில்லை. பாட்டிக்கு இன்னும் மனசு முழுக்க ஆறவில்லை. ஆனாலும் ஆஸ்பத்திரியில் சொன்னபடி மகன் தினமும் மாலை அரை மணி நேரம் நடக்கக் கிளம்பும்போது, பேத்தியின் செருப்பை எடுத்துக் கொடுத்து அவனோடு அனுப்பி வைப்பது பாட்டிதான்.